தேடினால் கிடைக்காத அட்வான்ஸ் பணம்!

கடையைக் காலி செய்யப்போகும் ஒருவர், 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் எப்போது திரும்பி வரும் என்று பார்க்க, போனில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தைத் திறக்கிறார். அது 14 பக்க ஆங்கில பி.டி.எஃப். முழுவதையும் யார் படிப்பது? தேடும் கட்டத்தில் return என்று தட்டுகிறார். ஒன்றும் இல்லை. 30 days என்று தட்டுகிறார். அதுவும் இல்லை. "அப்படியொரு ஷரத்தே போடலையா?" என்று வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்.

ஆனால், 9-ம் பக்கத்தில் அந்த வரி பளிச்சென்று இருக்கிறது, வெறும் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவது தேடும்போது ஏன் சிக்கவில்லை?

ஸ்கேன் செய்த ஒப்பந்தம் முதலில் வெறும் புகைப்படம்தான். அதில் எழுத்து என்று எதுவும் கிடையாது, கறுப்புப் புள்ளிகள் மட்டுமே. ஓ.சி.ஆர் என்ற மென்பொருள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து 'இது இந்த எழுத்தாக இருக்கும்' என்று ஊகித்து, படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்காக எழுதி வைக்கிறது. நாம் படிப்பது படத்தை. தேடுவதும் காப்பி எடுப்பதும் அந்த மறைவான அடுக்கிலிருந்து. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கடைக்காரர் அந்த வரியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, நோட்ஸில் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்:

```
தாளில்:     shall return the deposit within 30 days
அடுக்கில்:  shall retum the deposit within 3O days
```

r-ன் மேல்கொம்பு n-ன் காலைத் தொட்டுவிட்டால் rn பார்க்க m மாதிரியே ஆகிவிடும். ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்த தாளில் மை பரவி, இடைவெளி மூடிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருங்குவதாலும் இதே கதிதான். இரண்டாவது பிழை இன்னும் நுணுக்கமானது. 3-க்குப் பக்கத்தில் இருப்பது பூஜ்யம் இல்லை, ஆங்கில எழுத்து O.

அவர் return-க்கு பதில் retu என்று மட்டும் தேடியிருந்தால் அந்த வரி உடனே கிடைத்திருக்கும். rn வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்வதுதான் தந்திரம். deposit என்று தேடியிருந்தாலும் சிக்கியிருக்கும், அந்தச் சொல் அடுக்கில் சரியாகவே பதிவாகியிருக்கிறது.

retum போன்ற சொல்லை ஸ்பெல்லிங் பார்க்கும் வசதி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். modern என்பது modem ஆகிவிட்டால் அதுவும் வாய் திறக்காது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்தானே! எண்களுக்கோ அகராதியே கிடையாது. மூன்று கடைகளின் வாடகையை ஒப்பந்தத்திலிருந்து எக்செல் தாளில் ஒட்டுகிறார் ஒரு கணக்கர். 18500, 22000, 195OO. கூட்டுத்தொகை 60,000 வர வேண்டும், 40,500 என்று வருகிறது. கடைசி எண்ணில் O இருப்பதால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. எல்லா எண்களும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, அது மட்டும் இடப்பக்கம் நிற்கும். அதுதான் அடையாளம்.

'எல்லா O-வையும் 0 ஆக மாற்றிவிட்டால் போச்சு' என்று ஒரே அடியாக மாற்றக் கூடாது. Owner என்பது 0wner ஆகிவிடும். இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டில் 11 எழுத்துகள். முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஐந்தாவது இடத்தில் O இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிழைதான். பான் எண்ணில் முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு எண், கடைசியில் ஒரு எழுத்து. ஆறாவது முதல் ஒன்பதாவது இடம் வரை O வரவே முடியாது.

வங்கிக் கணக்கு எண்ணில்தான் உண்மையான ஆபத்து. எண் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் O நுழைந்தால் ஆப் தடுத்துவிடும். 8 என்பது 3 ஆகப் பதிவாகியிருந்தால்? அதுவும் எண்தானே, சந்தேகம் வர வழியில்லை. அதனால் கணக்கு எண், தொகை, தேதி மூன்றையும் ஒப்பந்தத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டாமல், படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் இலக்கமாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.

கையெழுத்திட்ட தாள் கையில் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்துவிடலாம். தாளைச் சமமாக வைத்து, 300 டி.பி.ஐ-யில், நிழல் விழாமல் எடுத்தால் பெரும்பாலான rn-கள் பிரிந்தே நிற்கும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல், 'டாகுமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

அந்தக் கடைக்காரரின் ஒப்பந்தத்தில் எதுவும் மாறிவிடவில்லை. கையெழுத்திட்ட தாளில் இருப்பது 30 நாள்தான். 9-ம் பக்கத்தைப் படமாகவே எடுத்து ஓனருக்கு அனுப்பினால் போதும்.