கை ஓங்குமுன் கேட்போம்

லயத்தில் ஒரு பிள்ளை நெருப்புப்பெட்டியோடு பிடிபட்டால் நம்மில் பலர் முதலில் செய்வது அடிப்பதுதான். "சுட்டால்தான் புத்தி வரும்" என்று கையில் சூடு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு என்கிறோம். அடிபட்ட பிள்ளை பெரும்பாலும் நெருப்பை விடுவதில்லை, ஒளிந்து விளையாடப் பழகிக்கொள்கிறது. அது ஏன் கொளுத்தியது என்பதும் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது பிள்ளைக்கு ஐந்து வயது. அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறாள், ஆத்தா இஸ்தோப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். சாமிப் படத்தடியில் இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளை கட்டிலுக்கடியில் போய் உரசிப் பார்க்கிறது. பாயின் ஓரம் பற்றியதும் பயந்து அங்கேயே சுருண்டு கிடக்கிறது. கேட்டால், "எப்படி எரியுதுன்னு பார்த்தேன்" என்று அழுகிறது.

இது ஆராயும் ஆசை. மூன்று வயதிலிருந்தே பல பிள்ளைகளுக்கு இது உண்டு. கையில் அகப்பட்டதை, அகப்பட்ட நேரத்தில் கொளுத்துவார்கள். திட்டம் எதுவும் இராது. பற்றிக்கொண்டால் பயப்படுவார்கள், ஓடுவார்கள், ஒளிவார்கள்.

ஆசைதானே என்று இதைச் சும்மா விடவும் முடியாது. மனதில் கெடுதல் இல்லாத பிள்ளையின் குச்சியும் லயத்தை எரிக்கும். நமது காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் பிடித்த நெருப்பு கூரை வழியே அடுத்ததற்குப் போகும். பயந்த சின்னப் பிள்ளை வெளியே ஓடாமல் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதும் உண்டு. அதனால், நெருப்பு என்றால் ஒளியாமல் வாசலுக்கு ஓடி வர வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி, ஓடியும் பழக்க வேண்டும். நெருப்புப்பெட்டியையும் லைட்டரையும் பூட்டி வைக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் மட்டும் போதாது, ஸ்டூல் போட்டு ஏறுவார்கள். குச்சியைக் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வந்து சொன்னால் ஏசாமல், நல்ல வேலை செய்தாய் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பது வயது. லயத்துக்குப் பின்னால் காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தியவன், அடுத்த வாரம் சித்தப்பாவின் சட்டையை எடுத்துப் போய் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கிறான். விறகுக்கட்டுக்குள் ஒரு பால்மா டின்னில் குச்சிகள் சேர்த்து வைத்திருக்கிறான். எரியும்போது அணைக்கவில்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை. நின்று பார்த்தான்.

இங்கே அடையாளங்கள் வேறு. ஒரு தடவையோடு நிற்கவில்லை. குச்சியைச் சேர்த்து ஒளித்திருக்கிறான். எரிபொருள் தேடியிருக்கிறான். ஒருவருடைய பொருளைத் தெரிந்தே எடுத்திருக்கிறான். நெருப்பு என்ன செய்யும் என்று அறிந்த வயது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கவனமாக இருங்கள். பல சேர்ந்து வந்தால் அது எச்சரிக்கை. அந்தப் பிள்ளை வாயால் சொல்ல முடியாத ஒன்றை நெருப்பால் சொல்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள, கோபம் தணிந்த பிறகு தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். குச்சி எங்கே கிடைத்தது? எதைக் கொளுத்தினாய்? அதற்கு முன்னால் என்ன நடந்தது? பற்றிய பிறகு என்ன செய்தாய்? இதற்கு முன்னும் செய்திருக்கிறாயா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விடயம் இருக்கும். அம்மா வெளிநாடு போன துக்கமாக இருக்கலாம், வீட்டில் குடித்துவிட்டு நடக்கும் சண்டையாக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் படும் கேலியாக இருக்கலாம். யாரோ செய்யும் தொந்தரவாகவும் இருக்கலாம். அந்தச் சட்டை ஏன் சித்தப்பாவுடையது என்று கேட்காமல் அடித்தால், அந்தப் பிள்ளையை இன்னும் தனியாக்கிவிடுவோம். யார் மீதும் அவசரப்பட்டுப் பழி போடவும் வேண்டாம். பிள்ளை சொல்வதை முதலில் கேட்போம்.

இப்படிப்பட்ட பிள்ளையைக் கோவிலுக்கு மட்டும் கூட்டிப்போய்த் திரும்பினால் போதாது. குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வகுப்பு ஆசிரியரிடமோ சொல்லி, அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்வதாகத் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பழி முழுவதையும் தாய்மார் மீது போட நாம் தயாராக இல்லை. பள்ளிக்கூடம் மதியத்தோடு விடுகிறது. கொழுந்து நிறுத்து அம்மா வீடு வரப் பொழுது சாய்கிறது. நடுவில் உள்ள அந்த மணித்தியாலங்களில்தான் நெருப்புப்பெட்டி பிள்ளையின் கைக்குப் போகிறது. பிள்ளைமடுவத்தைக் கைக்குழந்தைகளோடு நிறுத்தாமல், பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகளுக்கும் மாலை வரை திறந்து வைக்க வேண்டும். தோட்டக் கமிட்டிகள் இதை நிர்வாகத்தோடு பேசட்டும். அதுவரை, பெட்டியைப் பூட்டுவதும் பிள்ளையிடம் கேட்பதும் நம் கையில் இருக்கின்றன.