பாதி நல்லவருக்கு எப்படிச் சான்றுக் கடிதம் எழுதுவது?

1/ ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு லேப் டெக்னீஷியன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக சான்றுக் கடிதம் கேட்கிறார். சளிப் பரிசோதனையில் கெட்டிக்காரர். ஆனா சொல்லாம லீவு போடுவார். என்ன எழுதுறது?

2/ "பொறுப்பில்லாதவர்"னு எழுதாதீங்க. அது உங்க அபிப்பிராயம், நிரூபிக்க முடியாது. "வருகைப் பதிவேட்டின்படி கடைசி ஆறு மாதத்தில் 23 நாள் முன் அனுமதியின்றி வரவில்லை, இருமுறை மெமோ தரப்பட்டது"ன்னு எழுதலாம். மெமோவே தராத குறையைக் கடிதத்தில் முதன்முதலா எழுதுறது நியாயமில்லை.

3/ திறமைக்கும் அதே அளவுகோல்தான். "சிறந்தவர்" வேண்டாம். "மறுபரிசோதனைக்கு அனுப்பிய ஸ்லைடுகளில் பெரிய பிழை வரவில்லை" போதும், அது உண்மையா இருந்தா.

4/ நோயாளிக்கு ஆபத்தான விஷயத்தை மட்டும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்ற நர்ஸ் 2003இல் கைதாகும் வரை 16 வருஷம் ஆஸ்பத்திரி மாறி மாறி நோயாளிகளைக் கொன்றார். சந்தேகப்பட்ட பல இடங்களும் அடுத்த இடத்துக்கு வாய் திறக்கவில்லை.

5/ லீவு அந்த ரகம் இல்லை. ஆனா பார்க்காத ஸ்லைடுக்கு 'நெகட்டிவ்' எழுதியிருந்தா, அந்த ரகம்தான்.

6/ கையெழுத்துக்கு முன்னாடி கடிதத்தை அவரிடமே காட்டுங்க. அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வரி கடிதத்திலும் வேண்டாம்.