கொசுவமும் கேமராவும்

கல்யாணத்திற்கோ கலைவிழாவிற்கோ புறப்படுமுன், கட்டிய சேலையைக் கைபேசியில் படமெடுத்துச் சரிபார்க்கும் பழக்கம் எங்கள் தோணிரேவு வரை வந்துவிட்டது. பழக்கம் நல்லதே. ஆனால் கையை நீட்டி முகத்திற்கு நேராக எடுக்கும் படம் கொசுவத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்பது என் துணிபு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஐந்தடி உயரமுள்ள பெண்ணை மூன்றடி தள்ளி, முக உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுக்கிறோம். முகம் 3 அடி தொலைவில்; பாதமோ பிதாகரஸ் தேற்றப்படி ஏறக்குறைய 6 அடியில். தொலைவு இரட்டித்தால் உருவம் பாதியாகும். கீழ்க்கரையில் ஓரங்குலக் கோணல் இருந்தாலும் படத்தில் அது பாதியாய்ச் சுருங்கி ஒளிந்துகொள்ளும். அதே கேமராவைப் பத்தடி தள்ளி, இடுப்பு உயரத்தில் பிடித்தால், தலைக்கும் பாதத்திற்கும் உள்ள தொலைவு வேறுபாடு மூன்று அங்குலமே. அந்தப் படத்தை நம்பலாம்.

என் சித்தி மகளின் வரவேற்பு நாளன்று இதைச் செய்து பார்த்தோம். அருகில் எடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்கு. பத்தடிப் படத்தில், "ஏண்டி, உள் கொசுவம் நாக்கு நீட்டுதே!" என்றார் அத்தை. உள்ளிருந்த மடிப்பு மட்டும் மற்றவற்றுக்குக் கீழே தொங்கியது. அதை இடுப்பில் ஆழமாகச் செருகாததே காரணம். அதை மட்டும் மேலே இழுத்தால் இடுப்பில் புடைத்துக்கொள்ளும். ஆகவே கொசுவம் முழுவதையும் வெளியே எடுத்து, அத்தை தரையில் உட்கார்ந்து கீழ்விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்க, மேலே ஒரே பிடியாகச் செருகி ஊக்குக் குத்தினோம். அதற்கு முன்பே செருப்பை அணியச் சொன்னார். இரண்டங்குலக் குதிகாலைப் பிறகு மாட்டினால் சேலையும் அவ்வளவு மேலே ஏறிவிடுமல்லவா?

திருத்தம் சொல்லும்போது "வலப்பக்கம் தூக்கியிருக்கிறது" என்றால் குழப்பம்தான். முன் கேமராத் திரை கண்ணாடி போல் இடவலம் மாற்றிக் காட்டும். பின் கேமரா அப்படிக் காட்டாது. "முந்தானைப் பக்கம்" என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

மேடைக்கு இடுப்பு உயரமும் போதாது. நான்கடி மேடைக்குக் கீழே முன்வரிசையில் அமர்ந்தவரின் கண், மேடைத் தளத்தை ஒட்டியே இருக்கும். அவர் பார்வையில் முதலில் படுவது கீழ்க்கரைதான். எனவே கேமராவைத் தரையருகே இறக்கியும் ஒரு படம் எடுக்க வேண்டும். மணையில் அமரும் மணப்பெண்ணுக்கோ அந்தக் கவலையில்லை. அவளை உட்கார வைத்து, தோள்மடிப்பையும் இடுப்பையும் பார்த்தால் போதும்.

ஃபிளாஷ் வேண்டாம். நேரெதிர் வெளிச்சம் மடிப்புகளின் நிழலை அழித்துப் பட்டைத் தட்டையாக்கிவிடும். சன்னலைப் பக்கவாட்டில் வைத்து நின்றால் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியே தெரியும்.

ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது: பிடி உறுதியா என்பது. அதற்குப் பத்தடி நடந்து, ஒருமுறை உட்கார்ந்து எழுந்தபின், அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் எடுக்க வேண்டும். இரண்டு படங்களிலும் கீழ்க்கரை ஒரே மட்டத்தில் இருந்தால் பெண்ணை அனுப்பலாம்.