பாவம், பித்தம்!

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் அண்மையில் நடந்தது இது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிய ஒருவருக்குப் பல் மருத்துவர் அமாக்சிசிலினோடு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வேளை, ஐந்து நாள். இரண்டாம் நாள் காலையிலேயே வாயெல்லாம் செப்புக் காசைச் சப்பியது போல ஆகிவிட்டது. காபி கசந்தது, பச்சைத் தண்ணீரும் கசந்தது. அத்தை வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "பித்தம் ஏறிடுச்சுடா. இந்தச் சூட்டு மாத்திரைய மொதல்ல நிறுத்து" என்று தீர்ப்பு வந்தது. மாத்திரை நின்றது, இஞ்சிச் சாறும் தேனும் வந்தன. இரண்டு நாளில் கசப்பு போனது. அத்தை ஜெயித்துவிட்டார். அடுத்த வாரம் அதே கன்னம் மறுபடி வீங்கியபோது மட்டும் அவர் ஊரில் இல்லை.

இந்த அத்தை இல்லாத தெரு எது? காய்ச்சலில் கஞ்சி கசந்தால் பித்தம். சர்க்கரை மாத்திரை தொடங்கியதும் வாய் ஒரு மாதிரி இருந்தால் பித்தம். தலை சுற்றினால் பித்தம், இளமையிலேயே நரைத்தால் அதுவும் பித்தம். ஒரு பொருளின் மேல் இத்தனை வழக்குகளைப் போட்டால் அது எந்த வழக்குக்குத்தான் ஆஜராகும்?

பித்தநீர் கல்லீரலில் சுரக்கிறது, பித்தப்பையில் தங்குகிறது, சாப்பிட்டதும் சிறுகுடலில் இறங்குகிறது. அது நாக்குக்கு வர வேண்டுமானால் இரைப்பையின் கீழ்வாயைத் தாண்டி, இரைப்பையைக் கடந்து, உணவுக்குழாயின் அடியில் இருக்கும் இறுக்கத்தைத் தள்ளித் திறந்து, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் மேலேறி, தொண்டையருகே இருக்கும் இன்னொரு இறுக்கத்தையும் ஏமாற்ற வேண்டும். வெறும் வயிற்றில் வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் மஞ்சளும் பச்சையுமாக ஒன்று வருமே, அதுதான் பித்தநீர். அது வந்தால் நாக்கை நீட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இனி அத்தைக்கு ஒரே ஒரு கேள்வி. மெட்ரோனிடசோலை மருத்துவமனையில் டிரிப்ஸாகவும் ஏற்றுகிறார்கள். மருந்து கை நரம்பில் இறங்குகிறது; வாய் வழியாக ஒரு சொட்டுகூடப் போகவில்லை, வயிற்றை அது தொடவில்லை. ஆனாலும் வாயில் உலோகச் சுவை வருகிறது. பித்தம் என்ன, ஊசி குத்திய இடத்திலிருந்தா ஏறிற்று?

நடப்பது எளிய விஷயம். உமிழ்நீர் இரத்தத்திலிருந்து வடிந்து உருவாவது. மெட்ரோனிடசோல் சின்ன மூலக்கூறு. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு உமிழ்நீரிலும் வந்து சேரும். பல்லுக்கு அதைக் கொடுப்பதற்கு வாய்க்குள் இப்படி வந்து சேர்வதும் ஒரு வசதிதான். ஒருவர் நாளெல்லாம் விழுங்கும் உமிழ்நீரில் அந்தக் கசப்பு மருந்து கரைந்திருக்கிறது. வாயைக் கொப்பளித்தாலும் அடுத்த நிமிடம் சுரப்பது அதே உமிழ்நீர்தானே! எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும். அதனால் மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நாளில் சுவையும் மறையும். இஞ்சிக்குக் கிடைத்த பெயர் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

இரத்தத்தில் இருப்பதை நாக்கு ருசி பார்க்கும் என்பது புதுச் செய்தியும் அல்ல. கருவிகள் வராத காலத்தில் இதய நோயாளியின் இரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க மருத்துவர்கள் கை நரம்பில் சாக்கரின் கரைசலைச் செலுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "இனிக்குது" என்று நோயாளி சொல்லும் விநாடியைக் குறித்துக்கொள்வார்கள். நல்ல இதயமென்றால் சுமார் 10 முதல் 15 விநாடி. பலவீனமான இதயமென்றால் அதற்கு மேல் இழுக்கும். சாக்கரினுக்குப் பதில் இன்னொரு பொருளையும் பயன்படுத்தினார்கள்; அது கசக்கும். சோடியம் டிஹைட்ரோகோலேட் என்ற அந்தப் பொருள் பித்த அமிலத்திலிருந்தே செய்யப்பட்டது. பித்தம் நாக்குக்கு வந்ததற்கு மருத்துவ வரலாற்றில் நல்ல சாட்சி வேண்டுமென்றால் அத்தை இதைத்தான் காட்டலாம். அதையும் மருத்துவர் ஊசியில் எடுத்து நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது!

"பித்தம் என்றால் பித்தநீர் அல்ல, அது உடலின் ஒரு கூறு" என்று நழுவுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். டிரிப்ஸ் பாட்டிலை மாட்டினால் கெட்டு, கழற்றினால் இரண்டு நாளில் சரியாகிவிடும் கூறு எது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இதில் கோபம் வருவது கைவைத்தியத்தின் மேல் அல்ல. இஞ்சிச் சாறு குடித்து யாரும் சாகப்போவதில்லை. மாத்திரை நின்றதுதான் குற்றம். மெட்ஃபார்மின் தொடங்கிய சிலருக்கும் வாயில் உலோகச் சுவை வரும், பெரும்பாலும் போகப்போகக் குறையும். அதற்குள் பித்தம் என்று சொல்லி மாத்திரையை ஓரங்கட்டியவரின் சர்க்கரை யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கும். இன்னும் சிலர் பித்தம் தெளிய அரிஷ்டம் வாங்கிக் குடிக்கிறார்கள். அரிஷ்டம் நொதித்துச் செய்யப்படுவது. அதிலேயே மது ஊறியிருக்கும். மெட்ரோனிடசோலின் குறிப்புத்தாளோ மதுவைத் தவிர்க்கச் சொல்கிறது. மருந்துக்கடைக்காரரும் இருக்கிறார்: வாய் கசக்கிறது என்றதும் கல்லீரல் டானிக் ஒன்றை எடுத்து நீட்டுகிறவர். எழுதிக் கொடுத்த மருத்துவரையும் விட்டுவிட முடியாது. "இது வாய் கசக்கும், பயப்படாம முழுசா முடிச்சிடுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

காய்ச்சலில் மாத்திரையே போடாமலும் கசக்கிறதே என்பார்கள். கசக்கும். கிருமியோடு போராடும்போது உடல் டி.என்.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. நாவின் சுவை மொட்டுகளிலேயே அது உண்டு. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குக் கசப்பு மந்தமாகத் தெரிவதை 2015இல் காட்டினார்கள். நோயில் அந்தப் புரதம் கூடும்போது கசப்பு தூக்கலாகத் தெரிவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். கூடவே உமிழ்நீர் வற்றி, வாயால் மூச்சு விட்டு, நாக்கில் மாவு படிந்திருக்கும். கஞ்சி வேறு எப்படி இருக்கும்?

எதுக்களிப்பு மட்டும் வேறு கதை. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் இரைப்பையில் இருப்பது மேலே வரும். பெரும்பாலும் அது அமிலம், அதன் சுவை புளிப்பு. சிலருக்கு, குறிப்பாக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, பித்தநீரும் கலந்து கசக்கலாம். அப்போது நெஞ்சு எரியும், குனிந்தால் தொண்டைக்கு வரும், காலையில் குரல் கரகரக்கும். தலைமாட்டை உயர்த்தி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டாலே பலருக்குக் குறையும். கசப்போடு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் இதுவும் காரணமில்லை.

எந்தப் புது மாத்திரையும் இல்லை, காய்ச்சல் இல்லை, நெஞ்செரிச்சல் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் வாயில் உலோகம் ஊறுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, காலில் வீக்கம் என்றால்தான் உண்மையில் பயப்பட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் யூரியா இரத்தத்தில் தேங்கி உமிழ்நீருக்கும் வரும். வாயில் உள்ள பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கும். கிரியாட்டினின் பார்க்கும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வீடுகளிலும் மாதக்கணக்கில் இஞ்சிச் சாறுதான் இடிபட்டுக்கொண்டிருக்கிறது.