கழிவு வேறு, ஈட்டம் வேறு

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய்கறி வாங்கி விற்கும் வணிகர், இலாபத்தைத் தாம் போட்ட முதலின் மேல்தான் கணக்கிடுவார். அமெரிக்கக் கருவூல உண்டியலின் கழிவு வீதமோ அதனை முகமதிப்பின் மேல் கணக்கிடுகிறது. ஆண்டையும் 360 நாளாகச் சுருக்குகிறது.

98.25 ரூபாய்க்கு வாங்கிய 91 நாள் உண்டியல் முதிர்வில் 100 ரூபாய் தருவதாகக் கொள்வோம். ஆதாயம் 1.75 ரூபாய். கழிவு வீதம் 6.92 விழுக்காடு. அதே ஆதாயத்தை 98.25-ஆல் வகுத்து, 365 நாள் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 7.14 விழுக்காடு. இதுவே கடன்பத்திரச் சமான ஈட்டம். இந்திய ரிசர்வ் வங்கி உண்டியல் ஏலத்தில் அறிவிக்கும் ஈட்டமும் இம்முறையிலானதே.

அமெரிக்கப் பாடநூற் சூத்திரத்தை இங்குப் பொருத்தும் மாணவர், அதே காலத்துக்கு 7 விழுக்காடு தரும் வங்கி வைப்பே மேலென்று பிழைபட முடிவுசெய்வார். கழிவு என்பது விலை கூறும் முறை மட்டுமே. அதற்கு ஈட்டம் என்று பெயரிடுவதே அப்பிழைக்கு வேர்.