'ரத்து' என்ற பதிவு

பள்ளிபாளையத்திலிருந்து சங்ககிரி செல்லும் சாலையில், சென்ற மாதம் ஓர் இரவு, கிளட்ச் பழுதாகி நின்றுவிட்ட காரில் மனைவியையும் வயது முதிர்ந்த தாயாரையும் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்த வாசகர் ஒருவர், தமது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிய புகாரின் பிரதியை நமக்கும் அனுப்பியிருக்கிறார். அதில் ஆவேசமான வார்த்தை ஒன்றுமில்லை. மணிக்கணக்கும் ரசீதுகளுமே இருக்கின்றன.

இரவு 8.52-க்கு முதல் அழைப்பு. ஒரு மணி நேரத்தில் வண்டி வருமென்று வாக்களித்துக் கோரிக்கை எண்ணையும் அனுப்பினார்கள். 10.20-க்கு விசாரித்தபோது, வண்டி சேலத்திலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். 11.35-க்கும் அது புறப்பட்டபாடில்லை. பெண்களை 350 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் அனுப்பிவிட்டு, 11.50-க்குக் கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டே உள்ளூர் ரெக்கவரி வண்டியை வரவழைத்து, 2,800 ரூபாய் கூலியில் காவிரிப் பாலத்துக்கு அப்பால் ஈரோட்டிலுள்ள பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். 12.05-க்குச் செய்தி வந்தது: 'தங்கள் விருப்பப்படி கோரிக்கை ரத்து செய்யப்பட்டது.'

அநியாயம் முழுவதும் இந்த 'ரத்து' என்ற சொல்லில்தான் இருக்கிறது. வராத வண்டியின் தாமதம் அதனால் கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. வாடிக்கையாளரே விலகிக்கொண்டார் என்றும், முன் அனுமதியின்றிச் செலவழித்தார் என்றும் சொல்லிப் பணத்தை மறுக்க வழி பிறக்கிறது. சாதாரண பாலிசி, விபத்தில் சிக்கிய சொந்தக் காரை அப்புறப்படுத்த 1,500 ரூபாய் வரை தரும். இயந்திரப் பழுதுக்கு அதுவும் கிடையாது. அந்தக் குறையை நிவர்த்திக்கவே தனிப் பிரீமியம் கட்டிச் சாலையோர உதவியை வாங்குகிறார்கள். லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரி பக்கத்திலேயே இருக்க, சேலத்து வண்டியைக் காரணம் காட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. வாக்களித்த நேரம் கடந்துவிட்டால், வாடிக்கையாளர் தாமே அமர்த்தும் வண்டிக்குக் கம்பெனி சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்பதைப் பாலிசியிலேயே எழுத வேண்டும்.

வாசகர் ஒரு காரியத்தை வெகு சரியாகச் செய்திருக்கிறார். முதலில் தொகை மட்டுமே எழுதித் தரப்பட்ட ரசீதை மறுநாள் எடுத்துப்போய், கார் எண், ஏற்றிய இடம், இறக்கிய இடம், கிலோமீட்டர், நேரம் ஆகியவற்றை அதே வண்டிக்காரர் கையால் எழுதி வாங்கியிருக்கிறார். அழைப்புப் பட்டியலின் படத்தையும் இணைத்து, உரையாடல் ஒலிப்பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி கேட்டிருக்கிறார். ஆட்டோக் கூலி பாலிசியின் நிபந்தனைகளில் அடங்குவது சந்தேகமே. ஆதலால் அதை இழுவைக் கூலியோடு கலக்காமல், சேவைக் குறைபாட்டுக்கான நஷ்டஈடாகத் தனியே கோரியதும் விவேகமானது.

கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்பு வந்தபின் ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சேவைக் குறைபாடும் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதே. நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் வழியுண்டு.

எந்த இடத்துக்குப் போனாலும், 2,800 ரூபாயோடு வாசகர் கேட்கும் இன்னொன்றை விட்டுவிடலாகாது: கம்பெனியின் ஏட்டில் 'ரத்து' என்றிருப்பதை அடித்துவிட்டு, 'வண்டி அனுப்பப்படவில்லை' என்று எழுத வேண்டும்.