கதவில் தொங்கும் நோட்டு

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள் என் தம்பி மகள். சென்ற ஆண்டு தன் அறைக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். செவ்வாய், வியாழன் பிற்பகல் 2.30 முதல் 4 மணி வரை மாணவர்கள் சந்தேகம் கேட்க வரலாம். ஆளுக்கு 15 நிமிடம், ஆக ஆறு முறை. ஐந்துக்கு முன்கூட்டியே பெயரும் கேள்வியும் ஒரு வரியில் எழுத வேண்டும். சொந்த விஷயமென்றால் 'சொந்தம்' என்று எழுதினால் போதும். ஆறாவது முறை, எழுதாமல் வருபவர்களுக்கு. மற்ற நேரத்தில் அவசரமென்றால் மட்டுமே கதவைத் தட்டலாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, வாத்தியார் வீடு என்ன டாக்டர் கிளினிக்கா, ராந்தேவு வாங்கிக்கொண்டு வர?" என்றேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

"பெரியப்பா, கதவு திறந்தே இருந்தபோது அறுபது பேரில் யார் வந்தார்கள் தெரியுமா? அதே நாலு பேர். மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதென்று திரும்பிவிடுவார்கள்" என்றாள்.

வாயடைத்துப் போனேன். அரசு அலுவலகத்தில் நான் இருந்த மேசையிலும் அப்படித்தான். கூச்சப்படாதவன் எந்த நேரமும் நுழைந்து காரியத்தை முடித்துக்கொள்வான். கிராமத்துப் பெரியவர் வராந்தாவில் நின்றே பொழுதைக் கழிப்பார். அவருக்கு நேரம் குறித்துக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் நோட்டு மட்டும் நியாயம் செய்துவிடாது. இரண்டு வாரம் கழித்து அவள் பக்கங்களைப் புரட்டினாள். எழுதக்கூடிய இருபது முறைகளில் ஒன்பதை மூன்றே பேர் பிடித்திருந்தார்கள். பாகூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், வகுப்பு முடிந்ததும் அவர்கள் பஸ்ஸுக்கு ஓடியாக வேண்டும்.

எனவே மூன்று மாற்றம் செய்தாள். வாரத்துக்கு ஒருவர் ஒரு முறைதான் எழுதலாம். ஒரே கேள்வி உள்ளவர்கள் சேர்ந்து வர வேண்டும். வியாழன் நேரம் மதிய உணவு இடைவேளைக்கு, 12.30 முதல் 1.30 வரை மாறியது. அன்று நாலு முறைதான், அதிலும் கடைசி ஒன்று எழுதாமல் வருபவர்களுக்கு. எழுதியவர் ஐந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் உள்ளே போகலாம்.

அடுத்த வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாளாம்: "முதல் பாடத்திலிருந்தே புரியவில்லை." தேர்வுக்கு முதல் நாள் வந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்?

நேரம் வைப்பது கதவைச் சாத்துவது என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே வரத் தயங்கியவர்களுக்கு அப்போதுதான் கதவு திறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: குறித்த நேரத்தில் வாத்தியார் நாற்காலியில் இருக்க வேண்டும். இரண்டு முறை அது காலியாக இருந்தால், அப்புறம் யாரும் அந்த நோட்டில் எழுத மாட்டார்கள்.